வாடகைக் காரில் டயர், பம்பர், கீறல்: 51,000 ரூபாய் பில்லில் உங்கள் பங்கு எவ்வளவு?

கேள்வி: செல்ஃப் டிரைவ் கார் ஒன்றை மூன்று நாளைக்கு எடுத்துச் சென்னையில் இருந்து கொடைக்கானல் போய் வந்தோம். மலை இறங்கும்போது பள்ளத்தில் விட்டு முன் இடது டயர் பக்கவாட்டில் கிழிந்தது. திண்டுக்கல்லில் சிக்னலில் நின்றபோது பின்னால் வந்த ஆட்டோ இடித்துப் பம்பர் உடைந்தது. இரண்டையும் அன்றே போனில் சொன்னேன். காரைத் திருப்பிக் கொடுத்தபோது பின் இடது கதவில் கீறல் இருக்கிறது என்றார்கள். அது எப்போது விழுந்தது என்றே எனக்குத் தெரியாது. இப்போது வந்திருக்கும் பில்: பம்பர் 14,500, கதவு 7,500, டயர் 8,500, வண்டி நின்ற ஆறு நாள் வாடகை 15,000, சர்வீஸ் சார்ஜ் 5,500. டெபாசிட் 10,000-ஐக் கழித்து 41,000 கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் "விபத்துச் சேதத்துக்கு ஒரு சம்பவத்துக்கு அதிகபட்சம் 10,000, டயர், கண்ணாடி, அடிப்பாகம் சேராது, வண்டி நிற்கும் நாளுக்கு வாடகை உண்டு" என்று இருக்கிறது. காருக்குத்தான் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறதே, நான் எதற்குக் கொடுக்க வேண்டும்?

பதில்:

கொஞ்சம் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் 41,000 இல்லை. நீங்கள் எழுதியதை வைத்து நான் போட்ட கணக்கில், டெபாசிட் போக மேற்கொண்டு நாலாயிரத்தில் இருந்து ஒன்பதாயிரத்துக்குள் வருகிறது. அது எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஒர்க்ஷாப்பில் இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். இந்த மாதிரி பில்களை இரண்டு பக்கத்தில் இருந்தும் பார்த்திருக்கிறேன்.

முதலில் "ஃபுல் இன்சூரன்ஸ்" பற்றி. அந்தப் பாலிசி கார் உரிமையாளருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இடையில் உள்ளது. அதில் நீங்கள் ஒரு தரப்பே இல்லை. பாலிசி எவ்வளவு தருகிறது என்பது ஒரு கணக்கு. உரிமையாளர் உங்களிடம் எவ்வளவு வாங்கலாம் என்பது வேறு கணக்கு, அதைத் தீர்மானிப்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். வண்டி எடுக்கும்போது கூடுதலாகப் பணம் கட்டச் சொல்லி "டேமேஜ் புரொடெக்‌ஷன்" என்று ஒன்று தருவார்கள். அதுவும் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கிடையாது. "சேதம் ஆனால் இவ்வளவுக்கு மேல் உன்னிடம் கேட்க மாட்டேன்" என்று வாடகைக் கம்பெனி தரும் வாக்குறுதி, அவ்வளவுதான். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள 10,000 வரம்பும் அதே வகை. அதனால் அந்த வரியை அவர்கள் இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டாலும் போடாவிட்டாலும் நீங்கள் பிடித்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்துக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், ஒருவர் பொருளை இன்னொருவர் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தருவதற்காக வாங்கிக்கொள்வதைப் பற்றி 148-ஆம் பிரிவில் இருந்து சொல்லியிருக்கிறது. வாடகைக் காரும் அதில் அடங்கும். 151-ஆம் பிரிவின்படி, தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொண்டால் போதும். அப்படிப் பார்த்துக்கொண்டும் சேதம் வந்தால், தனியாக வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை நீங்கள் பொறுப்பில்லை என்கிறது 152. அந்த "வேறு மாதிரி ஒப்பந்தம்"தான் வாடகைக் கம்பெனிகள் எழுதி வாங்கும் தாள். யார் தப்பு என்று பார்க்காமல் சேதத்தை உங்கள் தலையில் வைக்க அந்தத் தாள்தான் அவர்களுக்கு ஆதாரம். அப்படியென்றால் தாளில் எழுதாததை உங்கள் தலையில் வைக்க முடியாது. உங்கள் பில்லில் உள்ள சர்வீஸ் சார்ஜ் 5,500 இங்கேயே விழுந்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு கட்டணம் எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் அது இல்லை.

சரி, பம்பருக்கு வருவோம்.

நின்றுகொண்டிருந்த வண்டியின் பின்னால் ஆட்டோ இடித்தது, உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் உங்கள் ஒப்பந்தம் "விபத்துச் சேதம்" என்றுதான் சொல்கிறது, யாருடைய தப்பு என்று பிரிக்கவில்லை. அதனால் கம்பெனி உங்களிடம் கேட்கலாம். கேட்டாலும் 10,000-க்கு மேல் கேட்க முடியாது. 14,500 என்று பில் போட்டதே அவர்கள் ஒப்பந்தத்துக்கு முரண். ஆட்டோவின் எண்ணும் இடித்த கோலத்தின் போட்டோவும் உங்களிடம் இருந்தால், ஆட்டோவின் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸில் அந்தப் பணத்தை மீட்கும் உரிமை கம்பெனிக்கும் உண்டு, செலவழித்த அளவுக்கு உங்களுக்கும் வாதாட இடம் உண்டு. நடைமுறையில் ஒரு பம்பருக்காக மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் வரை போகிறவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கு சிஎஸ்ஆர் ரசீது ஒன்று வாங்கியிருந்தால் அது வேறு வகையில் உதவும். இடித்தது பின்னால் வந்த வண்டிதான் என்று நீங்கள் அப்போதே சொன்னதற்கு அது ஆதாரம்.

அடுத்து அவர்களிடம் கேட்க வேண்டியது: இந்தப் பம்பருக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டீர்களா? இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள், ஏனென்றால் பணம் அங்கேதான் இருக்கிறது. சாதாரணப் பாலிசியில் ஒரு பம்பர் கிளெய்ம் எப்படிப் போகும் என்று பாருங்கள். 14,500-இல் பம்பர் விலை 7,000, பெயின்ட் வேலை 4,500, கழற்றி மாட்டும் கூலி 3,000 என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாலிசி பாதி விலையைத் தேய்மானமாகக் கழிக்கும். ஆக 7,000-இல் 3,500 போய்விடும். பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 562 ரூபாய். கூலியில் கழிவு இல்லை. கடைசியாகக் கட்டாயக் கழிவு என்று ஒரு தொகை. 1,500 சிசி வரையான தனியார் காருக்கு அது 1,000 ரூபாய். வாடகை வண்டிக்கு அதன் பாலிசியில் எழுதியிருப்பதுதான் தொகை. கணக்குக்கு நாம் 1,000 என்றே வைப்போம். எல்லாம் போக இன்சூரன்ஸ் தருவது 9,438 ரூபாய். கம்பெனியின் கையில் இருந்து போவது 5,062.

கிளெய்ம் போட்டிருந்தால் அவர்களுடைய உண்மையான நஷ்டம் அந்த 5,062-தான். இன்சூரன்ஸிடம் 9,438 வாங்கிக்கொண்டு உங்களிடமும் 10,000 வாங்கினால், 14,500 ரூபாய் பம்பருக்கு 19,438 வசூல் ஆகிவிடுகிறது. நஷ்ட ஈடு என்ற சொல்லுக்கு நஷ்டத்தை ஈடு செய்வது என்றுதான் பொருள். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் வாங்க முடியாது. ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசி என்றால் பிளாஸ்டிக் கழிவும் இருக்காது, அவர்களுடைய நஷ்டம் இன்னும் குறையும்.

கிளெய்ம் போடவில்லை என்று சொன்னால்? அதிலும் தப்பில்லை. சின்ன வேலைக்கெல்லாம் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும், அடுத்த வருடம் பிரீமியம் ஏறும் என்று பல உரிமையாளர்கள் கையில் இருந்தே செலவு செய்வார்கள். அப்படியானால் உங்கள் பங்கு ஒப்பந்தப்படி 10,000 வரை போகும். அதனால்தான் என் கணக்கில் இரண்டு எண்கள் வருகின்றன.

இப்போது டயர். நிறையப் பேர் ஏமாறுவது இதில்தான், ஏனென்றால் இதில் கம்பெனி சொல்வதில் பாதி உண்மை. சாதாரணக் கார் பாலிசியில், விபத்தில் வண்டியின் வேறு பாகமும் சேர்ந்து சேதமானால்தான் டயருக்குப் பணம், அதுவும் புது டயர் விலையில் பாதிதான். டயர் மட்டும் கிழிந்தால் ஒரு பைசா வராது. அதற்கென்று தனியாக ஆட்-ஆன் எடுத்திருந்தால் மட்டும் வரும். ஆகவே "டயர் சேராது" என்று ஒப்பந்தத்தில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நீங்கள் ஓட்டும்போது பள்ளத்தில் விட்டுக் கிழிந்த டயருக்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஆனால் எந்த டயருக்கு? அவர்கள் உங்களுக்குத் தந்தது புது டயர் இல்லை. பாதி ஓடிய டயரைக் கிழித்ததற்குப் புது டயர் விலை கேட்பது, பழைய சட்டையைக் கிழித்தவரிடம் புதுச் சட்டை வாங்குவது மாதிரி. இதை எப்படிக் கணக்குப் போடலாம் என்று சொல்கிறேன். புது கார் டயரில் பட்டன் ஆழம், அதாவது தரையைத் தொடும் பக்கத்தில் உள்ள பள்ளங்களின் ஆழம், ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும். 1.6 மில்லிமீட்டர்தான் சட்டப்படியான குறைந்தபட்சம். பள்ளங்களுக்கு நடுவே குறுக்காகச் சின்ன மேடுகள் தெரியும், தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். ஆக ஒரு டயரின் ஆயுள் 6.4 மில்லிமீட்டர். கிழிந்த டயரில் 4 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தால், பயன்படக் கூடியது 2.4. அது மொத்தத்தில் முப்பத்தேழரை சதவீதம். டயர் விலை 7,500, அலைன்மென்ட்டும் பேலன்ஸிங்கும் 1,000 என்றால், நியாயமான தொகை டயருக்கு 2,812, அதோடு அந்த 1,000. மொத்தம் 3,812. அவர்கள் கேட்டது 8,500.

பழைய டயர் எங்கே என்று உடனே கேளுங்கள். அது அவர்களிடம் இருக்கும் வரைதான் நீங்கள் இதையெல்லாம் பேச முடியும். போய்ப் பார்த்து, ஒரு பத்து ரூபாய் ஸ்கேலை பள்ளத்தில் நிறுத்திப் போட்டோ எடுங்கள். பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்தில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தையும் எடுங்கள். 2318 என்று இருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். அவ்வளவு பழைய டயரின் பக்கவாட்டில் முடி முடியாக வெடிப்பு ஓடியிருந்தால் கதையே மாறிவிடும். ஒப்பந்தச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு, வாடகைக்குத் தரும் பொருளில் உள்ள குறையால் வரும் சேதத்துக்குத் தருபவரே பொறுப்பு என்கிறது. அந்தக் குறை தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னாலும் பொறுப்பு போகாது. அந்த நிலையில் டயருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது இன்னும் குறையும், சில சமயம் ஒன்றுமே இருக்காது.

அதே டயர் உங்களுக்கு எதிராகவும் சாட்சி சொல்லும். காற்று இறங்கிய பிறகும் ஓட்டியிருந்தால் பக்கவாட்டைச் சுற்றி வட்டமாக ஒரு தேய்ந்த பட்டை விழுந்திருக்கும், உள்ளே ரப்பர் தூள் கொட்டும். பள்ளத்தில் ஒரே அடியில் போன டயரில் அது இருக்காது. ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் நசுங்கிய இடத்தில் வெட்டு மட்டும் இருக்கும், ரிம்மின் ஓரமும் கொஞ்சம் மடங்கியிருக்கும். கிழிந்த இடத்தில் நிறுத்தி ஸ்டெப்னி மாட்டினீர்கள் என்றால் உங்கள் டயரில் இந்த இரண்டாவது வகைதான் இருக்க வேண்டும். நடு பட்டையில் ஆணி ஏறியதற்கு ஒட்டுப் போட்டால் போதும், பக்கவாட்டு வெட்டுக்கு ஒட்டு கிடையாது. அதனால் டயரை மாற்றியது சரிதான். மாற்றியதற்கு வண்டி எண் போட்ட பில் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

கதவுக் கீறல். இதில் என் பதில் உங்கள் கையில் உள்ள வீடியோவைப் பொறுத்தது. வண்டி எடுக்கும்போது சுற்றி வந்து எடுத்த வீடியோ அல்லது அவர்கள் ஆப்பில் ஏற்றிய போட்டோ இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அவர்கள் எடுத்ததையும் கேளுங்கள். எடுக்கும்போது கதவு சுத்தமாக இருந்தது என்று காட்ட வேண்டியது அவர்கள் வேலை. அதைக் காட்டிவிட்டால், எப்படி விழுந்தது என்று விளக்க வேண்டியது உங்கள் வேலையாகிவிடும். எனக்குத் தெரியாது என்பது அங்கே போதாது, ஏனென்றால் வண்டி உங்கள் பொறுப்பில் இருந்தது.

வீடியோ இல்லை என்றால் கீறலே கொஞ்சம் பேசும். ஒருமுறை இதே மாதிரி ஒரு வாடிக்கையாளரும் ஒரு வாடகை வண்டிக்காரரும் எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்து நின்றார்கள். நேற்று விழுந்த கீறல் என்றார் வண்டிக்காரர். நான் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். கீறலின் அடியில் வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது. அது பாலிஷ். வண்டியை எப்போதோ பாலிஷ் போட்டபோது அந்தக் கீறல் அங்கே இருந்திருக்கிறது, துடைத்தபோது பள்ளத்தில் தங்கியிருக்கிறது. அந்த வாடிக்கையாளர் வண்டி எடுத்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவரிடம் பெயின்ட்டுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தோம். அன்று அந்த இளைஞர் முகத்தில் பார்த்த நிம்மதி இன்னும் நினைவில் இருக்கிறது. துருவை மட்டும் நம்பாதீர்கள். மழை பெய்தால் வெறும் தகட்டில் ஒரே நாளில் துரு பூக்கும், அதை வைத்துப் பழசு என்று சொல்ல முடியாது.

அப்புறம் ஆழம். கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கவில்லை என்றால் மேலே உள்ள கிளியர் கோட் மட்டும்தான் கீறியிருக்கிறது. ரப்பிங்கும் பாலிஷும் போட்டால் போய்விடும், அது சில நூறு ரூபாய் வேலை. நகம் தடுக்கினால் பெயின்ட் போட வேண்டும், ஒரு கதவு முழுக்கப் போட்டால்தான் நிறம் ஒத்துப் போகும் என்று ஒர்க்ஷாப் சொல்வதும் உண்மைதான். 7,500 என்ற தொகை பெயின்ட் வேலைக்குச் சொல்லும் தொகை. ஆனால் உங்களுக்குத் தந்தது எஸ்டிமேட்டா, வேலை முடிந்த பில்லா? இதைக் கவனியுங்கள். கீறலைச் சரி செய்யாமலே அடுத்த வாடிக்கையாளருக்கு வண்டியைக் கொடுத்து, அவரிடமும் அதே கதவுக்குப் பணம் வாங்கும் வழக்கம் உண்டு. வண்டி எண், தேதி, ஜிஎஸ்டி எண்ணோடு வேலை முடிந்த பில் வந்தால் மட்டுமே கதவைப் பற்றிப் பேசுங்கள். கதவு தனிச் சம்பவம் என்பதால் அதற்கும் தனியாக 10,000 வரம்பு ஓடும் என்று அவர்கள் சொல்லலாம், அது சரிதான். அதனால்தான் இந்த ஆதாரம் முக்கியம். நிரூபித்தால் என் மொத்தக் கணக்கில் அதிகபட்சம் 7,500 கூடும்.

இனி, ஆறு நாள் வாடகை 15,000. வண்டி நின்ற நாளுக்கு எந்த இன்சூரன்ஸும் சாதாரணமாகப் பணம் தராது, அது தொடர் நஷ்டம் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே கம்பெனிக்கு இது உண்மையான நஷ்டம்தான், உங்கள் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு தொகையைக் குறித்துவிட்டாலே அதை அப்படியே வாங்கிவிட முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குறித்த தொகை வெறும் உச்சவரம்பு, அதற்குள் நியாயமான ஈடு மட்டும்தான் கிடைக்கும். பம்பர் கையிருப்பில் இருந்தால் கழற்றி, பெயின்ட் அடித்து, காய வைத்து மாட்ட இரண்டு நாள். டயர் அரை மணி நேரம். ஆறு நாள் எங்கே போனது? ஜாப் கார்டில் வண்டி உள்ளே வந்த தேதியும் வெளியே போன தேதியும் இருக்கும், அதைக் கேளுங்கள். பாகம் வரவில்லை, சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வரவில்லை என்று நின்ற நாட்களையெல்லாம் உங்கள் கணக்கில் ஏற்ற முடியாது. நான் இரண்டு நாளுக்கு 5,000 ஒத்துக்கொள்வேன்.

இப்போது கூட்டுங்கள். கிளெய்ம் போட்டிருந்தால் பம்பர் 5,062, டயர் 3,812, நின்ற நாள் 5,000, மொத்தம் 13,874. டெபாசிட் போக 3,874. கிளெய்ம் போடவில்லை என்றால் பம்பர் 10,000 ஆகி மொத்தம் 18,812, டெபாசிட் போக 8,812.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது. அந்த 10,000 வரம்பு உங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத நண்பர் ஓட்டியிருந்தால், குடித்துவிட்டு ஓட்டியிருந்தால், வரம்பு போய்விடும். இன்சூரன்ஸும் குடித்து ஓட்டியதற்கும் லைசென்ஸ் இல்லாததற்கும் கிளெய்மை மறுத்துவிடும். அதற்கு மேல் 154-ஆம் பிரிவு இருக்கிறது: ஒப்பந்தத்தில் சொல்லாத விதத்தில் பொருளைப் பயன்படுத்தினால், உங்கள் கவனக்குறைவே இல்லாமல் சேதம் வந்தாலும் முழுப் பொறுப்பு உங்களுடையது. ஆகவே சிக்னலில் நின்றபோது ஸ்டீயரிங்கில் இருந்தது யார் என்பதை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். யாரையாவது காப்பாற்றுவதற்காகப் பெயரை மாற்றி எழுதிக் கிளெய்ம் மொத்தமும் போனதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அன்றே போன் செய்து சொன்னது பெரிய நல்ல காரியம். தாமதமாகச் சொன்னார் என்று வரம்பை மறுப்பதுதான் வழக்கமான முதல் சாக்கு. போன் கால் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்து வையுங்கள்.

அடிப்பாகம் சேராது என்ற வரியில் உங்களுக்கு இம்முறை பிரச்சினை இல்லை. ஆனாலும் மலைப் பயணம் என்பதால் ஒன்று சொல்கிறேன். கல் தட்டி இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப் உடைந்தால் சம்ப்பின் விலை சில ஆயிரம்தான். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்த பிறகும் அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம் என்று போனால் இன்ஜின் சுழல முடியாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தட்டியது விபத்து, ஓட்டியது நீங்கள் என்று இன்சூரன்ஸ் பிரித்துவிடும். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்வதும் இதே கதைதான். அந்த பில் லட்சத்தில் வரும், வரம்பும் காப்பாற்றாது.

இன்னொன்றையும் பாருங்கள், நம்பர் பிளேட் என்ன நிறம்? சட்டப்படி செல்ஃப் டிரைவ் வாடகைக்கு விடும் வண்டியில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. அதன் பாலிசியில் வாடகைக்கு விடக் கூடாது என்று இருக்கும், கிளெய்ம் போட்டால் மறுத்துவிடுவார்கள். ஆட்டோக்காரருக்கோ பாதசாரிக்கோ காயம் ஆகியிருந்தால் இன்னும் பெரிய சிக்கலாகியிருக்கும். கிளெய்ம் போடவில்லை என்று அவர்கள் இழுப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் அவர்கள் வண்டியைத் தவறாக வாடகைக்கு விட்டதால் உங்கள் 10,000 வரம்பு உயராது. நீங்கள் எழுதும் கடிதத்தில் இதை ஒரு வரியாகக் குறிப்பிட்டால் பேச்சின் தொனி மாறும்.

கடிதம் எப்படி எழுதுவது? போனில் பேச வேண்டாம், மின்னஞ்சல் போடுங்கள். கேட்க வேண்டியவை: வேலை முடிந்த பில்கள், ஜாப் கார்டு, வண்டி எடுத்தபோதும் கொடுத்தபோதும் அவர்கள் எடுத்த போட்டோக்கள், கிளெய்ம் போட்டிருந்தால் சர்வேயர் மதிப்பீட்டுத் தாள், பழைய டயரைப் பார்க்க ஒரு நேரம். பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். மேலே சொன்ன கணக்கை எழுதி, ஆதாரம் கிடைத்ததும் இந்தத் தொகையைத் தரத் தயார் என்று சொல்லுங்கள். நியாயமான தொகையை நீங்களே முன்வந்து ஒத்துக்கொண்டது பிற்பாடு உங்களுக்குப் பலம்.

பதில் வராவிட்டாலோ, டெபாசிட்டையும் விடாமல் மிரட்டினாலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பெரிய கம்பெனிகள் அங்கிருந்து போன் வந்ததும் பாதி இறங்கி வருவார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம், கார் எடுத்த ஊருக்குப் போக வேண்டியதில்லை. வாடகையாகக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் நடத்தலாம்.

தொகை ஒத்துப்போய்ப் பணம் கட்டும் நாள் வந்தால், அனுப்புவதற்கு முன்னால் ஒன்றை எழுதி வாங்குங்கள்: இந்த வாடகை சம்பந்தமாக டயர், பம்பர், கதவு, வண்டி நின்ற நாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இது முழுத் தீர்வு, இனி நிலுவை இல்லை என்று. அபராதச் சலான் மட்டும் பின்னால் வரலாம், அதை அந்தத் தாளில் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். அந்த மெயில் வந்த பிறகு பணத்தை அனுப்புங்கள், ஜிபேயில் அனுப்பினால் குறிப்பில் வண்டி எண்ணையும் போடுங்கள்.